3.1 காட்டிய வண்டி, 4.0 காட்டிய வண்டி: டீசல் அறிக்கையில் எதை எதோடு ஒப்பிடுவது?

வேலூரில் நான் கணக்கு பார்க்கும் லாரி ஆபீஸில் ஒரே ரகமான பத்து சக்கர வண்டிகள் ஆறு இருக்கின்றன. ஆம்பூர், ராணிப்பேட்டை சரக்கை சென்னைக்கும் பெங்களூருக்கும் எடுத்துப் போகும் வண்டிகள். மாதம் முடிந்ததும் எந்த வண்டி டீசல் அதிகம் குடிக்கிறது என்று ஒரு பக்கத்தில் தெரிய வேண்டும், சந்தேகப்படும் வண்டி சிவப்பில் நிற்க வேண்டும் என்று முதலாளி கேட்டார். அதற்கு மூன்று விதமாக அறிக்கை போட்டுப் பார்த்தேன். மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் சிவப்பில் யார் பெயர் வருகிறது என்பதில்தான் இருக்கிறது. அந்த வண்டி ஓட்டுபவரைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கப் போகிறோம் என்பதால் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

முதல் வகை எல்லோரும் போடுவது. மாதத்தில் ஓடிய கிலோமீட்டரை அந்த மாத பங்க் பில்களின் லிட்டரால் வகுத்து, 4-க்குக் கீழே வந்தால் சிவப்பு. முதல் மாதமே 12-ஆம் நம்பர் வண்டி 3.1 காட்டியது. 2,400 கிலோமீட்டர், 775 லிட்டர். டிரைவர் அண்ணன் பதினைந்து வருடமாக நம்மிடம் இருப்பவர். "நான் என்ன சார், டீசலைக் குடிச்சேனா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

பில்களைத் தேதி வாரியாகப் பிரித்தபோது விஷயம் தெரிந்தது. 31-ஆம் தேதி ராத்திரி 230 லிட்டர் போட்டு டாங்கை நிரப்பி நிறுத்தியிருக்கிறார். அந்த டீசலில் வண்டி ஓடியது அடுத்த மாதம். அதைக் கழித்தால் 545 லிட்டர், அதாவது 4.4. வண்டியிலும் குறையில்லை, ஆளிடமும் குறையில்லை. மாதக் கணக்கை விட்டிருந்தால் அடுத்த மாதம் இதே வண்டி ரொம்ப நல்ல மைலேஜ் காட்டியிருக்கும். அதை யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

ஆகவே முதலில் மாற்ற வேண்டியது ஒப்பிடும் முறையை அல்ல, அளக்கும் முறையை. ஒரு டாங்க் ஃபுல்லிலிருந்து அடுத்த டாங்க் ஃபுல் வரை ஒரு கணக்கு. நடுவில் அவசரத்துக்கு 40, 60 லிட்டர் போட்டிருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். லாக் புக்கில் இதற்காக ஒரே ஒரு கட்டம் கூடுதல்: ஃபுல் போட்டால் `F`, பாதி போட்டால் `P`. ஷீட்டில் `B` வண்டி நம்பர், `C` மீட்டர் ரீடிங், `D` லிட்டர், `E` இந்த எழுத்து. இரண்டாவது வரியின் `F2`, `G2` கட்டங்களில் இவை:

```
=IF(E2="F",MAXIFS(C:C,B:B,B2,E:E,"F",C:C,"<"&C2),"")
=IF(N(F2)=0,"",(C2-F2)/SUMIFS(D:D,B:B,B2,C:C,">"&F2,C:C,"<="&C2))
```

முதல் வரி இதற்கு முந்தைய ஃபுல்லின் மீட்டரைத் தேடி எடுக்கிறது. முந்தைய ஃபுல்லே இல்லாத வண்டிக்கு 0 வரும். அதனால்தான் இரண்டாவது வரி அந்த இடத்தைக் காலியாக விடுகிறது. மீட்டரை மாற்றிய வண்டிக்கு ரீடிங் மறுபடி கீழிருந்து தொடங்கும் என்பதால், அதைப் புது நம்பராகவே பதிவு செய்வது நல்லது.

சரி, அளவு சரியானது. இனி யாரோடு ஒப்பிடுவது? இரண்டாவது வகை ஆறு வண்டிகளின் சராசரியோடு ஒப்பிடுவது. புள்ளியியல் தெரிந்த ஒரு நண்பர், "சராசரியிலிருந்து மூன்று திட்ட விலக்கத்துக்கு மேல் விலகினால் சிவப்பு என்று போடு" என்றார். திட்ட விலக்கம் என்பது எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதன் அளவு. கேட்க நன்றாக இருந்தது. அந்தப் பழைய மாதக் கணக்கையே எடுத்துச் சோதித்தேன்: 4.4, 4.3, 4.5, 4.4, 4.2, 3.1. அந்த 3.1 கண்ணுக்கே தெரிகிறது, தவறான எண்தான் என்றாலும் அறிக்கை அதைக் காட்டியே ஆக வேண்டும். காட்டவில்லை. சராசரி 4.15, திட்ட விலக்கம் 0.52, 3.1-இன் விலகல் அதைப்போல் வெறும் 2 மடங்கு.

காரணம், அந்த 3.1 தானே சராசரியைக் கீழே இழுக்கிறது, தானே விலக்கத்தையும் பெருக்குகிறது. `STDEV` போட்டுக் கணக்கிட்டால், `n` வண்டிகளில் ஒரு வண்டி எட்டக்கூடிய விலகலின் உச்சவரம்பு `(n-1)/SQRT(n)`. ஆறு வண்டிக்கு அது 2.04, பத்து வண்டிக்கு 2.85. அதாவது பத்து வண்டிக்குள் வைத்திருப்பவருக்கு அந்த "மூன்று" விதி எந்த நாளும் ஒரு வண்டியைக்கூடப் பிடிக்காது, பாதி டாங்க் திருடு போனாலும். சிவப்பே வராத அறிக்கையைப் பார்த்து எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம். சராசரிக்குப் பதில் நடு எண்ணை, அதாவது `MEDIAN` எடுத்து, அதைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் சிவப்பு என்றால் இந்தச் சிக்கல் தீரும். இங்கே நடு எண் 4.35, 3.1 அதைவிட 29 சதவீதம் குறைவு, தப்பாது.

அப்படியும் அந்த முறை ஒரு நிஜக் கோளாறைத் தவறவிட்டது. 41-ஆம் நம்பர் எப்போதும் நம் வண்டிகளில் முதலாவது, சென்னை ரோட்டில் 4.6 கொடுப்பது. ஒரு முறை 4.0, அடுத்து 4.0, அதற்கடுத்தும் 4.0. அப்போது ஆறு வண்டியின் நடு எண் 4.4. அதோடு பார்த்தால் 4.0 என்பது 9 சதவீதம்தான் கீழே. கோட்டுக்கு உள்ளேயே நின்றது. அதன் சொந்தப் பழைய கணக்கோடு பார்த்தால் 13 சதவீதம் கீழே. லோடோடு வந்து நின்றதும் சக்கரங்களைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். பின் பக்கம் ஒரு டிரம் மட்டும் கை வைக்க முடியாத சூடு. பிரேக் முழுசாக விடாமல் உரசிக்கொண்டே ஓடியிருக்கிறது.

அதனால் நான் தேர்ந்தெடுத்தது மூன்றாவது வகை: ஒவ்வொரு வண்டியையும் அதன் சொந்தக் கணக்கோடு ஒப்பிடுவது. ஆனால் ரூட்டைப் பிரிக்காமல் இதைச் செய்யக் கூடாது. வேலூர் கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டர் சொச்சம், பெங்களூரு சுமார் 900. கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் வரை லோடோடு ஏறும் வண்டியைச் சமதரையில் சென்னை போகும் வண்டியோடு ஒப்பிட்டால், ரூட் மாறிய நாளிலேயே வண்டி சிவப்பாகிவிடும். ஆக, வண்டி, ரூட் இரண்டும் சேர்ந்த ஒவ்வொரு ஜோடிக்கும் தனி நடு எண்.

இந்த வகைக்கும் ஒரு பலவீனம் உண்டு. கடைசி எட்டு டாங்க்கின் நடு எண் என்று வைத்தால், மெல்ல மெல்லக் குறையும் வண்டியோடு அதுவும் சேர்ந்து இறங்கும். இஞ்சின் தேய்ந்துகொண்டே போனாலும் சிவப்பு வராது. அதனால் பெரிய சர்வீஸ் முடிந்த பின் வரும் முதல் ஆறு டாங்க்கின் நடு எண்ணை அப்படியே பூட்டி வைத்துவிடுகிறேன். அடுத்த பெரிய சர்வீஸ் வரை அதுதான் அளவுகோல்.

இரண்டு தடவை தொடர்ந்து குறைந்தால்தான் சிவப்பு, ஒரு தடவை என்றால் மஞ்சள். பங்க்கில் நாஸில் முன்னாடியே கட் ஆகி, கொஞ்சம் குறைவாகப் போட்டதை ஃபுல் என்று எழுதினால், அந்தக் கணக்கு நல்ல மைலேஜாகவும் அடுத்தது மோசமாகவும் வரும். உயர்வுக்குப் பின் ஒரு தாழ்வு என்றால் பெரும்பாலும் இதுதான். தொடர்ந்து இரண்டு தாழ்வை இது விளக்காது. இதே காரணத்துக்காக 10 சதவீதத்துக்கு மேல் கூடினாலும் நிறம் போடுகிறேன்: ஒன்று குறைவாக நிரப்பியது, இல்லையென்றால் ஒரு பில் தொலைந்தது.

முதல் வகையின் நிலையான கோட்டை நான் தூக்கிப் போடவில்லை. எழுத்துப் பிழை பிடிக்க அது போதும்: டாங்க் கொள்ளளவைத் தாண்டிய லிட்டர், 4-ஐ 40 ஆக்கும் ரீடிங். அவை அச்சாவதற்கு முன்பே நின்றுவிடும்.

அச்சடித்த பக்கத்தில் ஒவ்வொரு சிவப்பு வண்டிக்கும் பக்கத்தில் ஒரு காலிக் கட்டம் விட்டிருக்கிறேன். ரீடிங் பார்த்தாச்சா, ரூட், லோடு, துறைமுக வாசலில் எவ்வளவு நேரம் இஞ்சின் ஓடியது, டிரம் சூடு, ஏர் ஃபில்டர் என்று அதில் வரிசையாக எழுதி முடித்த பிறகே டிரைவரைக் கூப்பிடுகிறோம். 41-க்கு அந்தக் கட்டத்தில் "பின் இடது டிரம்" என்று எழுதியிருக்கிறது. பிரேக் பார்த்த பின் வந்த இரண்டு டாங்க்கில் 4.5, 4.6.