கேமரா ஆளைப் பார்க்கட்டுமா, பிரஸ்ஸைப் பார்க்கட்டுமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வாகன உதிரிபாகம் அடிக்கும் ஒரு சிறிய பிரஸ் ஷாப் என்று வைத்துக்கொள்வோம். எட்டு பவர் பிரஸ், இரண்டு ஷிஃப்ட். ஆபரேட்டர்களில் பாதிப்பேர் ஆரம்பாக்கம், தடா, சூளூர்பேட்டை பக்கம். மீதிப்பேர் ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்கள். மாடியில் கணக்கு, டிஸ்பேட்ச், டிராயிங் வேலைக்கு நான்கு கணினி. ஒருவருக்கு விரல் போனபிறகு, "இனி எல்லாவற்றையும் கண்காணிக்க வேண்டும்" என்று முதலாளி கிளம்புகிறார். அவர் மேஜைக்கு மூன்று கொட்டேஷன் வரும். ஹால் முழுக்கக் கேமரா போட்டு முதலாளியின் போனில் நேரலை தருவது ஒன்று. பிரஸ்களுக்குப் பாதுகாப்புச் சாதனம் பொருத்தி அதன் பதிவை எடுப்பது இன்னொன்று. கணினிகளில் கண்காணிப்பு மென்பொருள் ஏற்றுவது மூன்றாவது.

முதலாவதுதான் மலிவு, அதனால்தான் அதிகம் விற்கிறது. ஆனால் அது செய்யாத வேலையை முதலில் சொல்லிவிட வேண்டும். நிமிடத்துக்கு 60 ஸ்ட்ரோக் போகும் பிரஸ்ஸில், தகட்டை அடிக்கும் பகுதியான ராம் இறங்கி ஏற ஒரே விநாடி. தகட்டுக்கு வடிவம் தரும் அச்சான டைக்குள் கை இருப்பதைப் போனில் பார்த்துவிட்டு யாரும் நிறுத்த முடியாது. கேமரா விபத்தைத் தடுப்பதில்லை, பதிவு செய்கிறது. அந்தப் பதிவும் பல இடங்களில் உதவாது. ஹார்ட் டிஸ்க் நிறையக்கூடாது என்று விநாடிக்கு நாலைந்து ஃபிரேம் வைத்திருப்பார்கள். கை உள்ளே போன தருணம் இரண்டு ஃபிரேமுக்கு நடுவில் தொலைந்துபோகும். 15 ஃபிரேமாவது வேண்டும். ஒரு கேமரா விநாடிக்கு 2 மெகாபிட் எழுதினால் ஒரு நாளைக்குச் சுமார் 21.6 ஜிபி, எட்டுக்கு 173 ஜிபி. 2 டிபி டிஸ்க் பதினோரு நாளில் நிறைந்து பழையதன்மேல் எழுத ஆரம்பிக்கும். விசாரணைக்கு வருபவர் இருபதாம் நாள் கேட்டால் ஒன்றுமிருக்காது.

மூலையில் மாட்டிய அகலக்கோணக் கேமரா நன்றாகப் படம்பிடிப்பது வேறு விஷயங்களை: யார் யாரோடு பேசினார்கள், யார் தண்ணீர் குடிக்கப் போனார்கள். ஒரு மாதத்துக்குள் சூப்பர்வைசருக்கு வரும் போன் அழைப்பெல்லாம் அதைப் பற்றியதாகவே இருக்கும். பாதுகாப்புக்கு என்று சொல்லி மாட்டியது வருகைப்பதிவாக மாறும்போது, கை நூலிழையில் தப்பிய சம்பவங்களை ஆபரேட்டர்கள் சொல்வதை நிறுத்திவிடுகிறார்கள். விபத்தைத் தவிர்க்க அதுதான் மிகவும் தேவையான தகவல்.

இரண்டாவது கொட்டேஷனில் முதலில் கேட்க வேண்டியது பிரஸ்ஸின் கிளட்ச் எது என்பது. பழைய ரோலிங் கீ கிளட்ச் பிரஸ் ஒருமுறை பிடித்தால் முழுச்சுற்று முடியாமல் நிற்காது. கை குறுக்கே வந்தால் பிரஸ்ஸை நிறுத்தச் சொல்லும் ஒளிக்கற்றைத் திரையான லைட் கர்ட்டனை அதற்கு மாட்டுவது வீண். ஒளிக்கற்றை கையைக் கண்டுபிடித்தாலும் ராம் இறங்கியே தீரும். விரலே நுழைய முடியாத நிலையான கூண்டுதான் அங்கே வழி. நியூமாட்டிக் கிளட்ச் பிரஸ் நடுவழியில் நிற்கும், அதற்கு லைட் கர்ட்டன் பொருந்தும்.

பொருத்தும் தூரத்துக்குக் கணக்கு உண்டு. கை விநாடிக்கு 2000 மி.மீ. வேகத்தில் நீளும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். கற்றை மறிக்கப்பட்டதிலிருந்து ராம் நிற்க 0.15 விநாடி ஆனால் 300 மி.மீ. அதோடு, 30 மி.மீ. பொருளைக் கண்டறியும் கர்ட்டனுக்கு 8 × (30 − 14), அதாவது 128 மி.மீ. கூடும். ஆக, டையிலிருந்து 428 மி.மீ. தள்ளி. பிரேக் லைனிங் தேய்ந்து நிற்கும் நேரம் 0.18 விநாடியானால் தேவை 488 மி.மீ. பழைய இடத்திலேயே நிற்கும் கர்ட்டன் இப்போது 6 செ.மீ. கிட்டே இருக்கிறது, விளக்கு பச்சையாகத்தான் எரியும். எத்தனை கேமரா மாட்டினாலும் இந்தத் தேய்மானம் தெரியாது. பிரஸ்ஸை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியான பிஎல்சி நிற்கும் நேரத்தைப் பதிவு செய்தால் அதில் தெரியும்.

அதே பிஎல்சி, பாதுகாப்புச் சாதனத்தைச் செயலிழக்க வைக்கும் பைபாஸ் சாவி எப்போது திருப்பப்பட்டது, அந்த நிலையில் எத்தனை ஸ்ட்ரோக் அடித்தது என்பதையும் எழுதும். மூன்றாம் பிரஸ்ஸில் மட்டும், ஒரு குறிப்பிட்ட டை ஏறும்போது மட்டும் பைபாஸ் ஏறுகிறதென்றால் ஆளைத் திட்டுவதற்கு முன் தகட்டைப் பாருங்கள். நீளமான தகடு அடிபட்டதும் துள்ளிக் கற்றையை மறிக்கும். ஒவ்வொரு தடவையும் ரீசெட் பண்ணினால் டார்கெட் எட்டாது. ஆகவே சாவி திரும்புகிறது. தகட்டைத் தாங்க ஒரு சப்போர்ட் வைத்தால் தீரும். இரண்டுகைப் பொத்தானில் ஒன்றைக் கம்பியால் கட்டிவைப்பதும் இப்படித்தான். இரண்டும் அரை விநாடிக்குள் அழுத்தப்பட வேண்டும், ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் விட்டு அழுத்த வேண்டும் என்று கன்ட்ரோல் அமைந்தால் கட்டுவதில் பயனில்லை.

கேமரா வேண்டவே வேண்டாம் என்பதல்ல. பிரஸ்ஸுக்கு ஒன்று, மேலிருந்து டையையும் கைகளையும் மட்டும் பார்க்கும்படி, மைக் அணைத்து. பைபாஸ் சிக்னல் வந்தால் முன்னும்பின்னுமாக 30 விநாடி துண்டை மட்டும் தனியாகச் சேமிக்கலாம். உடைமாற்றும் அறைப்பக்கம், சாப்பிடும் இடப்பக்கம் கோணமே திரும்பக்கூடாது. ரெக்கார்டரை அலுவலக இணையத்திலிருந்து பிரித்து, ரெக்கார்டரோடு வந்த பாஸ்வேர்டை முதல் நாளே மாற்ற வேண்டும். 2025-இல் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமரா காட்சிகள் வெளியே விற்பனைக்கே வந்தன.

சட்டம் முதலாளிக்கு நிறைய இடம் கொடுக்கிறது. 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவுப்படி வேலை தொடர்பான நோக்கங்களுக்கும் நிறுவனத்தை இழப்பிலிருந்து காக்கவும் சம்மதம் கேட்காமலே தரவைக் கையாளலாம். ஆனால் அதைப் பத்திரமாக வைப்பதும் நோக்கம் முடிந்ததும் அழிப்பதும் 8-ஆம் பிரிவில் கடமை. விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின; முக்கியக் கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம். சம்மதம் தேவையில்லை என்பதற்காகச் சொல்லாமல் மாட்டுவது முட்டாள்தனம். தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா நான்கிலும் எதைப் பதிகிறோம், எத்தனை நாள் வைப்போம், யார் பார்ப்பார்கள் என்று வாசலில் எழுதி ஒட்டுங்கள்.

மூன்றாவது கொட்டேஷனை எங்களால் சிபாரிசு செய்ய முடியவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட், மவுஸ் அசையாவிட்டால் 'சும்மா இருந்தார்' என்று கணக்கு. டிஸ்பேட்ச்காரர் தடா செக்போஸ்ட்டில் நிற்கும் லாரி டிரைவரோடு இருபது நிமிடம் போனில் இ-வே பில் தகராறைத் தீர்த்தால் அது சோம்பலாகப் பதிவாகும். ஸ்கிரீன்ஷாட்டில் ஊழியரின் வங்கி இருப்பும் மருத்துவ ரிப்போர்ட்டும் சேரும். பிரான்சின் தரவுக் கண்காணிப்பு அமைப்பு 2024 டிசம்பரில், இதே போல் சும்மா இருந்த நேரத்தை அளந்து, ஒலியோடு வீடியோவும் பதிந்த ஒரு ரியல் எஸ்டேட் நிறுவனத்துக்கு 40,000 யூரோ அபராதம் போட்டது.

டிராயிங் வெளியே போய்விடும் என்ற பயம் நியாயமானதுதான். அதற்கு டிராயிங் கணினியில் மட்டும் யூஎஸ்பி சேமிப்பைப் பூட்டி, கோப்புகளை ஒரே சர்வரில் வைத்து, எந்தக் கோப்பை எந்த லாகின் திறந்தது என்ற பதிவை இயக்கினால் போதும். டிஸ்பேட்ச்காரரின் வேகம் தெரிய வேண்டுமா? லாரி உள்ளே வந்த நேரத்துக்கும் பில் அடித்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியை கேட் ரிஜிஸ்டரிலிருந்தே எடுத்துவிடலாம்.