தோசைக்கல் வாங்கியவருக்குப் போகும் மூன்று கார்டு: வாட்ஸ்அப் கேரோசல் நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

மதுரையிலிருந்து இரும்புத் தோசைக்கல்லை பார்சலில் அனுப்பும் கடைகளுக்கு வரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "ஒட்டுதுங்க, திருப்பி எடுத்துக்கோங்க." கல்லில் குறை இருப்பது அபூர்வம். பழக்காத கல்லில் நேராக மாவை ஊற்றியிருப்பார்கள். இதைத் தடுக்கத்தான் வாங்கிய பிறகு அனுப்பும் கேரோசல். பக்கவாட்டில் தள்ளிப் பார்க்கும் மூன்று கார்டுகள், முதலில் செய்ய வேண்டிய மூன்று வேலைகள். ஒரு வருடத்துக்கு மேல் இதை ஓட்டிப் பார்த்ததில் எது நிற்கிறது, எது நிற்கவில்லை என்பதைப் பற்றி.

முதலில் ஒரு விஷயம். போனில் இருக்கும் சாதாரண வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில் இது நடக்காது. கடையின் மென்பொருளை வாட்ஸ்அப்போடு இணைக்கும் ஏபிஐ வழியாக, டெம்ப்ளேட் எனும் மெசேஜ் மாதிரியைப் பதிவு செய்து வாட்ஸ்அப்பிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். ஒரு கேரோசலில் 10 கார்டு வரை வைக்கலாம். ஒவ்வொன்றிலும் ஒரு படம் அல்லது வீடியோ, 160 எழுத்துக்குள் ஒரு வாசகம், அதிகபட்சம் இரண்டு பட்டன். ஒரு கார்டில் என்ன வகைப் பட்டன் இருக்கிறதோ அதேதான் எல்லாக் கார்டிலும் இருக்க வேண்டும்.

தமிழில் எழுதுகிறவர்கள் தடுமாறுவது அந்த 160-இல்தான். புள்ளி, கொம்பு, கால் எல்லாமே தனித்தனி எழுத்தாகக் கணக்காகும். "தண்ணீர்" நம் கண்ணுக்கு நாலு எழுத்து, டெம்ப்ளேட்டுக்கு ஏழு. ஆகவே ஒரு கார்டில் பதினெட்டு, இருபது சொல்லுக்கு மேல் போகாது. முதல் கார்டில் இப்போது ஓடும் வாசகம் இது:

"முதலில் கழுவுங்க. கல்லின் மேல் துருத் தடுப்பு எண்ணெய் இருக்கு. சுடுதண்ணீர், சோப்பு, தேங்காய் நார். உடனே அடுப்பில் வைத்து ஈரம் போக்குங்க."

இதை முதல் கார்டாக வைத்ததற்குக் காரணம் உண்டு. மெசேஜைத் திறந்ததும் முழுசாகத் தெரிவது முதல் கார்டு மட்டும்தான், இரண்டாவதின் ஓரம் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். தள்ளிப் பார்க்காதவர்களும் உண்டு. அதனால் "எங்களிடம் வாங்கியதற்கு நன்றி" என்று கோபுரப் படம் போட்டு முதல் கார்டை வீணாக்கக் கூடாது. நன்றியைக் கார்டுகளுக்கு மேலே வரும் பொது வாசகத்தில் ஒரு வரியில் சொன்னால் போதும். முதல் கார்டு மட்டுமே படித்தவரும் செய்யக் கூடாததைச் செய்துவிடாமல் இருக்க வேண்டும், அதுதான் கணக்கு. "உடனே ஈரம் போக்குங்க" என்பதை அடுத்த கார்டுக்குத் தள்ளினால், போர்வெல் உப்புத் தண்ணீரில் கழுவி அப்படியே கவிழ்த்து வைத்த கல் காலையில் செம்மண் நிறத்தில் இருக்கும்.

இரண்டாவது கார்டு எண்ணெய் ஏற்றிப் பழக்குவது. இங்கே படத்தைவிடச் சின்ன வீடியோ நல்லது, ஆனால் ஒரு கார்டில் வீடியோ வைத்தால் மற்ற இரண்டிலும் வீடியோதான் வைக்க வேண்டும். எதை வைத்தாலும் ஓரங்கள் போனுக்கு ஏற்ப வெட்டுப்படும் என்பதால் கையும் கல்லும் நடுவில் இருக்கட்டும். வேலை இவ்வளவுதான்: காய்ந்த கல்லைச் சூடாக்கி, அடுப்பைக் குறைத்து, அரை டீஸ்பூன் நல்லெண்ணெய் அல்லது கடலை எண்ணெயை முழுக்கத் தேய்த்து, பிறகு காய்ந்த பருத்தித் துணியால் எண்ணெயே தடவாத மாதிரி தெரியும்வரை துடைத்துவிட வேண்டும். புகை வந்து அடங்கும்வரை, ஏறக்குறைய பத்து நிமிஷம், சூடு காட்டி ஆற விட வேண்டும். இப்படி மூன்று முறை. தேங்காய் எண்ணெய் சரியாகப் படலம் கட்டாது, அதனால் அது வேண்டாம்.

இந்தக் கார்டில் முதலில் இருந்த வாசகம் "நன்றாக எண்ணெய் தடவுங்க". நம்ம வீடுகளில் நன்றாக என்றால் தாராளமாக என்று அர்த்தம். எண்ணெய் தேங்கிய இடமெல்லாம் கெட்டியாகிப் பிசின் போல ஒட்டிக்கொண்டது, தோசையும் அங்கேதான் பிடித்தது. "தடவியதைத் துடைத்து எடுங்க" என்று மாற்றிய பிறகே அந்தப் புகார் குறைந்தது.

மூன்றாவது கார்டு முதல் தோசை. வெங்காயத்தைப் பாதியாக வெட்டி எண்ணெயில் தொட்டுக் கல் முழுக்கத் தேய்க்கணும், முதல் இரண்டு மூன்று தோசை கனமாக, எண்ணெய் கூடுதலாக விடணும், ஓரம் தானாகக் கிளம்பும்வரை தோசைத் திருப்பியை வைக்கக் கூடாது. மதுரைக்காரர்கள் புதுக் கல் வந்ததும் கறி தோசைக்கு ஆசைப்படுவது இயற்கை. முட்டையும் மசாலாவும் பழகாத கல்லில் பிடித்துக்கொள்ளும், ஒரு வாரம் பொறுக்கச் சொல்வது நல்லது. பராமரிப்பு, புளிப்பு ஆகாது என்பதெல்லாம் இந்தக் கேரோசலில் வேண்டாம். முதல் தோசை எழும்புகிறவரை தேவையானது மட்டும் இங்கே, மிச்சம் பத்து நாள் கழித்துத் தனி மெசேஜில்.

எப்போது அனுப்புவது என்பதில்தான் பாதி வெற்றி. பணம் கட்டியதும் போனால், கல் வருவதற்குள் மெசேஜ் சாட்டில் மேலே எங்கோ போயிருக்கும். கூரியர் "டெலிவர்ட்" என்று காட்டிய அன்று மாலை ஐந்து மணி வாக்கில் போவது பொருத்தம். மறுநாள் தோசைக்கு மாவு தயாராகும் நேரம் அது, ராத்திரி கல்லைப் பழக்கிவிடலாம்.

இன்னொரு சிக்கல் எளிதில் கண்ணில் படாது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் ஆர்டர் போடுவார், கல் மேலூரில் இருக்கும் அம்மாவுக்குப் போகும். கேரோசல் மகனின் போனுக்கு வரும், அவர் பார்த்துவிட்டு விட்டுவிடுவார். ஆர்டர் படிவத்தில் "சமைக்கிறவர் வாட்ஸ்அப் எண் (அவர் சம்மதத்தோடு)" என்று ஒரு கட்டம் சேர்த்தது, கார்டுகளை அழகாக மாற்றியதைவிடவும் அதிகப் பலன் தந்தது.

யார் எந்தக் கார்டு வரை தள்ளினார்கள் என்று வாட்ஸ்அப் சொல்லாது. போய்ச் சேர்ந்ததா, படித்தார்களா என்பது மட்டும் வரும், நீல டிக்கை அணைத்து வைத்தவரிடம் அதுவும் தெரியாது. எனவே ஒவ்வொரு கார்டிலும் "சந்தேகம் இருக்கு" என்று ஒரு பதில் பட்டன் வைத்து, எந்தக் கார்டில் தட்டினார்கள் என்பதைக் குறித்துக்கொள்வதே வழி. தட்டியவரிடம் கல்லின் படம் கேளுங்கள். பளபளப்பாகப் பழுப்புத் திட்டுகள் இருந்தால் எண்ணெய் அதிகம்: கம்பி நாரால் அந்த இடத்தை மட்டும் தேய்த்து இரண்டாவது கார்டை மறுபடி செய்யச் சொல்லலாம். ஆரஞ்சுப் பொடி என்றால் ஈரம்: முதல் கார்டிலிருந்து ஆரம்பிக்கணும். கல் சாம்பல் நிறமாகவே இருந்தால் பழக்கவே இல்லை.

குறை ஒன்று உண்டு. இந்தக் கேரோசல் மார்க்கெட்டிங் வகையில்தான் போகிறது. சாதாரண ஆர்டர் தகவலைவிடச் செலவு கூடுதல். அதோடு, அந்த வாடிக்கையாளருக்கு மற்ற கடைகளிடமிருந்தும் நிறைய விளம்பரம் போயிருந்தால் 131049 என்ற பிழையோடு நம்முடையதை வாட்ஸ்அப் நிறுத்திவிடும். உடனே திரும்பத் திரும்ப அனுப்பினால் பயனில்லை. அதற்காகவே முதல் கார்டின் வாசகத்தை அப்படியே அட்டையில் அச்சடித்துக் கல்லின் கைப்பிடியில் கட்டி அனுப்புவது, மற்ற இரண்டுக்கும் அதிலேயே ஒரு க்யூஆர். கைப்பிடியில் கட்டணும், பெட்டிக்குள் போட்டால் தெர்மோகோலோடு குப்பைக்குப் போய்விடும்.