பழைய சோலார் பேனல்: வோல்டேஜைப் பார்ப்பதா, ஆம்பியரைப் பார்ப்பதா?

களக்காட்டுத் தோட்டத்தில் மோட்டார் ரூமுக்கு லைட்டும் ஃபேனும் வேண்டும் என்று திருநெல்வேலியில் பழைய பேனல் பார்க்கப் போனேன். 250 வாட் பேனல் நான்கு இருந்தன. கடைக்காரர் ஒன்றில் மீட்டரை வைத்து, "பாருங்க அண்ணாச்சி, வோல்டேஜ் நல்லா வருதுல்ல" என்றார். வந்தது உண்மைதான். ஆனால் அதை மட்டும் நம்பி வாங்கக் கூடாது என்பது என் கருத்து.

லோடு இல்லாமல் பார்க்கும் ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ் எளிது, ஆபத்தும் குறைவு. பின்பக்க ஸ்டிக்கரில் 37.5 வோல்ட் என்றிருந்தால், உச்சி வெயிலில் 33, 34 காட்டுவது சரிதான். பேனல் சூடானால் வோல்டேஜ் இறங்கும். மூன்றில் ஒரு பங்கு காணாமல் போனால்தான் கவலை. நான்காவது பேனலில் 22.3 வந்தது. பேனலுக்குள் செல்கள் மூன்று வரிசைத் தொகுதிகளாக இருக்கும். பழுதான தொகுதியைச் சுற்றிக் கரண்டுக்கு வழிவிடும் பைபாஸ் டயோடு ஒன்று ஷார்ட் ஆகி, அதில் ஒரு தொகுதியை விழுங்கியிருந்தது.

என் ஓட்டு, பிளஸ் மைனஸை நேராக இணைத்து அளக்கும் ஷார்ட் சர்க்யூட் கரண்டுக்குத்தான். மேகம் மூடினாலும் வோல்டேஜ் பெரிதாகக் குறையாது. கரண்டோ வெயில் விழும் அளவுக்கு ஏறி இறங்கும். அதனால் கண்ணாடி வழியே செல்லுக்கு வெளிச்சம் குறைந்தால் உடனே காட்டிக்கொடுக்கும். ஆனால் தனியாக ஒரு எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆடி மாதச் சாரல் மேகத்தில் அது நொடிக்கு நொடி மாறும். பேனல்களைத் துடைத்து, ஒரே சாய்வில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேகம் இல்லாத நேரத்தில் அடுத்தடுத்து அளந்தேன். மூன்றில் 7 ஆம்பியருக்குப் பக்கத்தில் வந்தது. மூன்றாவது பேனலில் மட்டும் 5.9. அதன் வோல்டேஜ் 33.5, முதல் இரண்டையும் போலவே! குனிந்து பார்த்தால் செல்களின் நடுவில் டீக்கறை மாதிரி பழுப்பு. கண்ணாடிக்கு உள்ளே இருக்கும் பசைப்படலம் நிறம் மாறியிருந்தது, கழுவினால் போகாது.

அளக்கும்போது பேனலைத் துணியால் மூடி, பிளஸ் மைனஸை இணைத்து, டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டிய பிறகு துணியை எடுங்கள். முடிந்ததும் மூடிவிட்டுத்தான் கழற்ற வேண்டும். வெயிலில் கழற்றினால் தீப்பொறி பறந்து கனெக்டர் கருகும். சாதாரண மல்டிமீட்டரில் 10 ஆம்பியர் துளை இருக்கிறதே என்று புது பெரிய பேனலில் வைத்தால் ஃபியூஸ் போகும்.

கரண்டும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. ஒரு தொகுதியில் மட்டும் செல் உடைந்திருந்தால், பைபாஸ் டயோடு அதைச் சுற்றி வழிவிட்டு நல்ல எண்ணையே காட்டலாம். உள்ளே பற்றவைப்பு தளர்ந்திருந்தால் இரண்டு சோதனையிலும் தப்பிவிடும்; லோடு மாட்டினால்தான் தெரியும். அந்த இரண்டாவது குறையை நானே நேரில் பார்த்ததில்லை.

மூன்றாவதை விட்டுவிட்டேன். டயோடு போனதை விலை குறைத்து வாங்கி, பின்பக்கப் பெட்டியைத் திறந்து டயோடை மாற்றினேன். இப்போது 33.6 வருகிறது.