பக்கத்தில் பக்கமா, தனித்தனியா, ஒன்றன்கீழ் ஒன்றா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம், எங்கள் அக்கா இடியாப்பமும் முறுக்கும் விற்க ஒரு சின்னக் கடை திறந்தபோது, ஆங்கிலத்திலும் தமிழிலும் செய்திக்குறிப்பு எழுதிக் கொடுத்தது நான்தான். ஆங்கிலம் வட்டாரப் பத்திரிகைகளுக்கு. தமிழ், கோவில் சங்கங்களுக்கும் தமிழ் வகுப்பு ஆசிரியர்களுக்கும். இரண்டு மொழியையும் எப்படி அடுக்குவது என்று மூன்று விதமாகவும் அனுப்பிப் பார்த்துவிட்டேன்.

முதலில் இடது பாதி ஆங்கிலம், வலது பாதி தமிழ். அச்சில் அழகாகத்தான் இருந்தது. ஆனால் பாதிப் பக்க அகலத்தில் 'திறந்துவைக்கப்படுகிறது' என்ற ஒரே சொல் பாதி வரியைப் பிடித்துக்கொள்கிறது, தமிழ்ப் பக்கம் நீண்டுகொண்டே போக, ஆங்கிலத்துக்குக் கீழே வெற்றிடம் விழுகிறது. அதைவிட மோசம், பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்தால் ஒரு வரி ஆங்கிலம், ஒரு வரி தமிழ் என்று கலந்து வந்தது, 'கொ' எழுத்தின் கொம்பும் காலும் தனித்தனியாகச் சிதறின. செய்தியாளருக்கு நகலெடுத்து ஒட்டுவதுதான் முக்கியம், அதனால் இது சுவரில் ஒட்டும் நோட்டீசுக்கு மட்டும்.

அப்புறம் தனித்தனிக் கோப்புகள். நகலெடுக்க நன்றாக வந்தது. ஆனால் திறப்பு நாளை ஒரு வாரம் தள்ளிவைத்தபோது ஆங்கிலத்தைத் திருத்தினேன், தமிழை மறந்தேன். பழைய தேதியை நம்பி, டர்பனின் இன்னொரு பகுதியான பீனிக்ஸிலிருந்து வந்த ஒரு பாட்டி, பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றுவிட்டுப் போனார். அது இன்னும் எனக்கு வலிக்கிறது.

என் தேர்வு ஒன்றன்கீழ் ஒன்று. ஒரே கோப்பு, ஆங்கிலம் முழுசாக முடிந்தபின் புதுப் பக்கத்தில் தமிழ், முதல் பக்கத்தின் உச்சியில் 'தமிழ் அடுத்த பக்கத்தில்' என்று ஒரு வரி. சங்கங்களுக்கு அனுப்பும்போது வரிசையை மாற்றிவிடுவேன். அனுப்பும் முன் தேதி, நேரம், விலை, தொலைபேசி எண் நான்கையும் இரண்டு பக்கத்திலும் விரல் வைத்து ஒப்பிடுகிறேன்.

எந்த வடிவமானாலும் தலைப்பை மொழிபெயர்க்காதீர்கள். ஆங்கிலத் தலைப்பு கடைப்பெயரில் தொடங்கட்டும், தமிழில் 'சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமை இடியாப்பக் கடை திறப்பு' என்றாலே போதும். மேற்கோளும் அப்படித்தான். அக்கா தமிழில், "மாவை வறுக்காமப் பிழிஞ்சா கொழகொழன்னு ஆயிடும், அதனால தினமும் காலையில நானே வறுக்கிறேன்" என்றார். அதை நான் ஆங்கிலமாக்கியபோது சமையல் குறிப்பு போல ஆகிவிட்டது. அதனால் அதே விஷயத்தை ஆங்கிலத்தில் அவரையே சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன், இரண்டையும் அவருக்குப் படித்துக் காட்டிச் சம்மதம் வாங்கினேன்.

தொடர்பு விவரத்தில், தமிழ்ப் பக்கத்தில் தமிழ் பேசுபவரின் எண்ணையே கொடுங்கள். உள்ளூருக்கு 031 என்று தொடங்கும் எண், வெளிநாட்டுத் தமிழ்த் தளங்களுக்கு அனுப்பினால் பூஜ்யத்தை எடுத்துவிட்டு +27 31. தெருப்பெயரைத் தமிழில் எழுதினாலும் பக்கத்திலேயே பெயர்ப்பலகையில் இருக்கிற ஆங்கில எழுத்திலும் போடுங்கள், வண்டியில் வருபவர் அதைத்தான் வரைபடத்தில் தட்டுவார்.