இரண்டு ராஜினாமா கடிதங்கள்: கொடுக்காததும் கொடுத்ததும்

மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில், கிடங்குக் கையிருப்பில் வந்த வித்தியாசத்துக்கு நான்தான் காரணம் என்று என் மேலாளர் பதினைந்து பேர் முன்னிலையில் சொன்ன அன்று இரவே முதல் கடிதத்தை எழுதி முடித்தேன். இரண்டாவதை எழுத நான்கு நாட்கள் ஆயின. கொடுத்தது இரண்டாவதைத்தான், ஆகவே இந்த ஒப்பீடு அதன் பக்கமே சாயும்.

முதல் கடிதம் இப்படித் தொடங்கியது: "ஆறு ஆண்டுகள் இரவு பகல் பாராமல் உழைத்தவனைத் திருடனைப் போல நிறுத்திய இந்த நிறுவனத்தில், சுயமரியாதை உள்ள எவனும் இருக்க மாட்டான். நாளை முதல் நான் வரப்போவதில்லை." எழுதியபோது மனம் ஆறியது என்பதை மறுக்கவில்லை. வசைச் சொற்கள் வேண்டாம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. நான் பிறகுதான் கவனித்தேன், அந்தப் பத்தியில் எனக்கு உண்மையில் சேதம் விளைவித்திருக்கக் கூடியது "திருடன்" என்ற சொல் அல்ல, "நாளை முதல் வரப்போவதில்லை" என்ற சாதாரண வாக்கியம்.

என் நியமன உத்தரவில் நோட்டீஸ் காலம் 60 நாட்கள். அதை முடிக்காமல் நின்றுவிட்டால், குறையும் நாட்களுக்கான சம்பளத்தை இறுதிக் கணக்கில் பிடித்துக்கொள்ளலாம் என்று அதே உத்தரவு சொல்கிறது. மாதச் சம்பளம் 48,000 ரூபாய் என்பதால், கோபத்தில் எழுதிய ஒற்றை வரியின் விலை 96,000 ரூபாய். அதற்கும் மேலாக, முறைப்படி விடுவிக்கப்படாதவருக்கு ரிலீவிங் லெட்டர் தருவதை நிறுவனங்கள் இழுத்தடிக்கும். புதிய நிறுவனமோ அதைத்தான் முதலில் கேட்கும். பணிக்கொடையைப் பொறுத்தவரை கசப்பான கடிதத்தால் நஷ்டம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்: ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பணியாற்றியவருக்கு அது சட்டப்படியான உரிமை. என் அடிப்படைச் சம்பளம் 26,000. அதை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, ஆறு ஆண்டுகளுக்குக் கணக்கிட்டால் 90,000 ரூபாய். அது எந்தக் கடிதத்தைக் கொடுத்திருந்தாலும் வந்திருக்க வேண்டிய தொகை.

ஆகவே இரண்டாவது கடிதத்தைத் தேதியிலிருந்துதான் தொடங்கினேன்: "ஜூலை 1ஆம் தேதியிட்ட இக்கடிதத்தின் மூலம் என் பணியிலிருந்து விலகுகிறேன். 60 நாள் நோட்டீஸ் காலத்தில், என் கணக்கில் மீதமுள்ள 18 நாள் ஈட்டிய விடுப்பைச் சரிக்கட்டி, ஆகஸ்ட் 11ஆம் தேதியை எனது கடைசி வேலை நாளாக ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்." விடுப்பைச் சரிக்கட்டுவது நிர்வாகத்தின் விருப்பத்தைப் பொறுத்தது என்பதால், அதை அறிவிப்பாக எழுதாமல் வேண்டுகோளாக எழுதினேன்.

காரணத்தை எழுதுவதா வேண்டாமா என்பதில்தான் அதிக நேரம் போயிற்று. "சொந்தக் காரணங்களால்" என்று எழுதுவதே வழக்கம். நான் அதையும் தவிர்த்தேன், ஏனெனில் அது பொய். பின்னாளில் எப்போதாவது அந்தச் சம்பவத்தை விசாரிக்கச் சொன்னால், அந்த இரண்டு சொற்களையே எனக்கு எதிராகக் காட்டலாம். காரணம் என்ற பகுதியே இல்லாமல் கடிதம் முழுமையாக நின்றது. கையிருப்புக் கணக்கு குறித்த என் விளக்கத்தை, ரசீது எண்களோடு, தனிக் கடிதமாக மனிதவளத் துறைக்கு அதற்கு முன்பே அனுப்பிவிட்டேன். ராஜினாமா கடிதம் கோப்பில் கிடக்கும், கூட்டத்தில் இல்லாத ஒருவர் இரண்டு ஆண்டுகள் கழித்துப் பின்னணிச் சரிபார்ப்புக்காக அதைப் புரட்டும்போது, "அப்படி என்ன நடந்தது?" என்று கேட்க வைக்கும் எந்த வாக்கியமும் அதில் இருக்கக் கூடாது என்பதையே அளவுகோலாகக் கொண்டேன்.

நன்றி சொல்லும் வரியில் மேலாளரைச் சேர்க்க என் கை எழவில்லை. "கிடங்குப் பிரிவில் எனக்குப் பதிவேட்டு முறையைக் கற்றுத்தந்த மூத்த சக ஊழியர்களுக்கு நன்றி" என்று மட்டும் எழுதினேன். அது உண்மை என்பதால் எழுதும்போது கூசவில்லை. கடைசியாக, சாவிகளையும் பதிவேடுகளையும் யாரிடம் ஒப்படைப்பது என்று தெரிவிக்குமாறு ஒரு வரி.

என்னுடையது அவமானமும் பழியும் சேர்ந்த தகராறு, அவ்வளவுதான். பாலியல் தொல்லை போன்ற புகார் இருப்பவருக்கு இந்த அனுபவத்தை அப்படியே பொருத்திச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அத்தகைய புகாரைப் பொதுவாக மூன்று மாதங்களுக்குள் உள்ளகக் குழுவிடம் கொடுக்க வேண்டும் என்பதால், அவர்கள் கடிதத்தின் நயத்தைப் பார்ப்பதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பார்ப்பதே சரி.

மேலாளர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு நகலில் "பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டு என்னிடம் நீட்டினார்.