முன்கதவும் பின்கதவும்: கேடர் முறையா, போஸ்ட் முறையா?

குரூப்-2 எழுதி உள்ளே போய் ஒன்பது வருடம் தமிழ்நாட்டு அரசில் வேலை பார்த்தேன். அப்புறம் மனைவிக்கு ஸ்டாக்ஹோமில் வேலை கிடைத்ததால் குடும்பத்தோடு இங்கே வந்து, இரண்டு வருடம் மொழி படித்து, இப்போது ஆறாவது வருடமாக ஸ்வீடனின் ஓர் அரசு முகமையில் இருக்கிறேன். அங்கே கேடர் முறை: ஒரு தேர்வு எழுதி ஒரு சர்வீஸுக்குள் நுழைகிறோம், அதன் பிறகு சீனியாரிட்டி, பேனல், பதவி உயர்வு என்று ஓய்வு வரை அந்தப் படிக்கட்டுதான். இங்கே போஸ்ட் முறை: காலியாகும் ஒவ்வொரு நாற்காலிக்கும் தனி விளம்பரம் வரும், உள்ளே இருப்பவரும் வெளியே இருப்பவரும் சேர்ந்தே விண்ணப்பிப்பார்கள், அடுத்த படி வேண்டுமென்றால் மறுபடியும் விண்ணப்பிக்க வேண்டும். எது நல்லது என்று ஊருக்குப் போகும்போதெல்லாம் பழைய நண்பர்கள் கேட்கிறார்கள். நான் ஸ்வீடன் முறையின் பக்கம் சாய்கிறேன். சம்பளம், ஓய்வூதியம் இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு, அதற்குள் போகவில்லை. என்னைச் சாய வைத்தது வேறொன்று. அதைச் சொல்ல அமெரிக்காவிலிருந்து தொடங்க வேண்டும்.

தேர்தலில் ஜெயித்த கட்சி அரசு வேலைகளைத் தன் ஆட்களுக்குப் பங்கு போட்டுக் கொடுப்பதுதான் ஸ்பாயில்ஸ் முறை. 1829ல் அதிபரான ஆண்ட்ரூ ஜாக்சன் இதற்கு ஒரு நியாயம் சொன்னார்: அரசு வேலை எளிமையானது, அறிவுள்ள யாரும் கற்றுக்கொள்ளலாம், ஒரே ஆள் நெடுநாள் உட்கார்ந்திருந்தால் அந்த நாற்காலியைத் தன் சொத்தாக நினைக்க ஆரம்பித்துவிடுவார். பிற்பாதி எனக்கு இன்றும் சரியாகவே படுகிறது. ஆனால் அவர் நியூயார்க் சுங்க வசூல் அதிகாரியாகப் போட்ட சாமுவேல் ஸ்வார்ட்வவுட் 1838ல் ஐரோப்பாவுக்குக் கிளம்பிப் போன பிறகு கணக்கைப் பார்த்தால் 12 லட்சம் டாலருக்கு மேல் காணாமல் போயிருந்தது. 1881ல் தனக்குத் தூதரகப் பதவி தரவில்லை என்ற கோபத்தில் சார்லஸ் கிட்டோ என்பவன் அதிபர் கார்ஃபீல்டைச் சுட, அந்தக் காயத்திலேயே அவர் இறந்தார். அதன் தொடர்ச்சியாகத்தான் 1883 ஜனவரியில் பெண்டில்டன் சட்டம் வந்தது. குறிப்பிட்ட வேலைகளுக்குத் தேர்வு கட்டாயம், கட்சிக்குச் சம்பளத்தில் பங்கு கேட்கக் கூடாது. முதலில் பத்தில் ஒரு பங்கு வேலைகள்தான் இதற்குள் வந்தன. பதவி முடிந்து போகும் அதிபர்கள் தங்கள் ஆட்களை அடுத்தவர் தூக்கிவிடக் கூடாது என்று அந்த வேலைகளையும் சட்டத்துக்குள் சேர்த்துவிட்டுப் போக, எல்லை தானாகவே விரிந்தது.

அந்தச் சட்டத்தில் பலர் கவனிக்காத ஓர் இடம் உண்டு. வேலையில் சேர்ப்பதற்கு விதி இருந்தது, வேலையிலிருந்து எடுப்பதற்குப் பொதுவான தடை எதுவும் இல்லை. கட்சிக்குப் பணம் தர மறுத்ததற்காக எடுக்கக் கூடாது என்ற அளவோடு சரி. சீர்திருத்தக்காரர்கள் வேண்டுமென்றேதான் அப்படி விட்டார்கள். முன்கதவைச் சரியாகக் காத்தால் பின்கதவு தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்று அவர்களில் முக்கியமானவரான ஜார்ஜ் வில்லியம் கர்டிஸ் வாதாடினார். ஒருவரைத் தூக்கினாலும் அந்த இடத்தில் உன் ஆளைப் போட முடியாது, பட்டியலில் இருப்பவர்தான் வருவார், பிறகு எதற்குத் தூக்கப்போகிறாய் என்பது அந்த வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என் ஆளைப் போட முடியாவிட்டாலும் எனக்குப் பிடிக்காத ஆளை அகற்றினால் போதும் என்று நினைப்பவரை அது தடுக்காது. அதனால்தான் 1912ல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது: காரணத்தை எழுத்தில் கொடு, பதில் சொல்ல அவகாசம் கொடு. 2020 அக்டோபரில் வந்து, 2021 ஜனவரியில் ரத்தாகி, 2025 ஜனவரியில் திரும்பி வந்த ‘ஷெட்யூல் எஃப்’ ஆணையும் இதே பின்கதவைப் பற்றியதுதான். கொள்கை வகுக்கும் வேலையில் இருப்பவர்களை நீக்கத்திலிருந்து பாதுகாப்பு இல்லாத வகைக்கு மாற்றுவது அது.

இந்தியாவுக்கு வந்தால், நம் முன்கதவு பலமானது. ஐ.சி.எஸ்ஸுக்கு 1855ல் போட்டித் தேர்வு வந்தது, அமெரிக்காவுக்கு 28 வருடம் முன்பே. அரசியல் சட்டத்தின் 311வது பிரிவு விசாரணை இல்லாமல் நீக்கவும் பதவி இறக்கவும் தடை போடுகிறது. அப்படியானால் பின்கதவும் பூட்டியிருக்கிறதே என்று தோன்றும். ஆனால் இடமாறுதல் தண்டனையாகவே கணக்கில் வராது. ஒரு கோப்பில் நான் எழுதிய குறிப்பு ஒருவருக்குப் பிடிக்காமல் போனதும், பதினான்கு மாதத்தில் மூன்று ஊர் பார்த்தேன், நடுவில் ஆறு வாரம் காத்திருப்போர் பட்டியல். ஆணையில் இருந்த காரணம் ‘நிர்வாக நலன் கருதி’ என்ற மூன்று சொல். வேலை போகவில்லை, சீனியாரிட்டி போகவில்லை, ஒரு பைசா குறையவில்லை. பிள்ளைகளின் பள்ளி மட்டும் மூன்று முறை மாறியது. 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் குறைந்தபட்சப் பதவிக்காலம் வேண்டும், வாய்மொழி உத்தரவை எழுத்தில் பதிய வேண்டும் என்று சொன்னது. ஐ.ஏ.எஸ் அதிகாரிகளுக்கு இரண்டு வருடம் என்று விதி வந்தது. என் நிலையில் அதெல்லாம் எட்டவில்லை.

இது கேடர் முறைக்கே உள்ள சுபாவம் என்று நினைக்கிறேன். பிரான்ஸ்காரர்கள் இதை ஒளிக்காமல் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்: கிரேடு வேறு, நாற்காலி வேறு. கிரேடு ஊழியருக்குச் சொந்தம், நாற்காலியை எங்கே போடுவது என்பது நிர்வாகத்தின் கையில். நாற்காலியை ஒழித்தாலும் கிரேடு நிற்கும் என்பதால் இது பெரிய பாதுகாப்பு, மேலிடத்துக்குப் பிடிக்காத உண்மையைச் சொல்லத் துணிவு தருவதும் அதுதான். அங்கே நான் வேலை பார்த்ததில்லை, சட்டத்தின் வடிவத்தை வைத்துத்தான் சொல்கிறேன். அதே பிரிவினைதான் நம் ஊரில் கிரேடைத் தொடாமலேயே மனிதரை நகர்த்தவும் வழி செய்கிறது.

ஸ்வீடனில் கிரேடு என்று ஒன்று கிடையாது, நாற்காலி மட்டும்தான். முகமையே ஆள் எடுக்கிறது, மாகாணத் தேர்வோ நாடு தழுவிய தேர்வோ இல்லை. ஊரிலிருந்து வந்தவனுக்கு முதலில் இது பயமாகத்தான் இருந்தது. தலைமை அதிகாரிக்குப் பிடித்தவரை மனதில் வைத்து விளம்பரம் எழுதினால் முடிந்ததே, ஸ்பாயில்ஸ் முறை வேறு உடையில் வந்துவிடுமே என்று. போஸ்ட் முறையில் ஒரு பெரிய முன்கதவு இல்லை, ஆயிரக்கணக்கான சின்னக் கதவுகள். எல்லாவற்றுக்கும் காவல் போட முடியாது.

அந்தக் காவலை இவர்கள் விண்ணப்பதாரர்களிடமே கொடுத்திருக்கிறார்கள். அரசியல் சட்டம் அரசு வேலைக்கான நியமனத்தில் தகுதி, திறமை போன்ற புறநிலைக் காரணங்களை மட்டுமே பார்க்க வேண்டும் என்கிறது. 1994ன் பொது வேலைச் சட்டம் திறமைக்கே முதலிடம் என்கிறது. அது எல்லா நாட்டுச் சட்டத்திலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கும். வித்தியாசம் இதற்குப் பிறகுதான். யார் யார் விண்ணப்பித்தார்கள் என்ற பட்டியல் பொது ஆவணம், விண்ணப்பங்களும் அப்படியே, யார் கேட்டாலும் தர வேண்டும். தேர்வானவரை முகமை தன் அறிவிப்புப் பலகையில் போட வேண்டும். போட்ட நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள், வேலை கிடைக்காத எந்த விண்ணப்பதாரரும் மேல்முறையீடு செய்யலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, ஒரு கடிதம் போதும். அதை விசாரிக்க அரசுக்கென்று தனி மேல்முறையீட்டு வாரியம் இருக்கிறது. அது நினைத்தால் நியமனத்தை ரத்து செய்து, மனு போட்டவருக்கே அந்த வேலையைக் கொடுக்கலாம். அதன் முடிவுக்கு மேல் முறையீடு கிடையாது.

எனக்கு முதல் வேலை கிடைத்தபோதே இது நடந்தது. அதே முகமையில் ஏற்கெனவே பல வருடம் இருந்த ஒருவர் என் நியமனத்தை எதிர்த்து மனு போட்டுவிட்டார். வாரியம் முடிவு சொல்லும்வரை நியமனம் நிபந்தனையோடுதான் என்றார்கள், அந்த வாரங்களில் நான் சரியாகத் தூங்கவில்லை. முகமை தன் பதிலை வாரியத்துக்கு எழுதியது. விளம்பரத்தில் கேட்ட ஒவ்வொரு தகுதியையும் எடுத்துக்கொண்டு, அவரிடம் என்ன இருக்கிறது, என்னிடம் என்ன இருக்கிறது, நேர்முகத்தில் என்ன தெரிந்தது, பரிந்துரைத்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று நான்கு பக்கம். நானும் படித்தேன், அவரும் படித்தார். என் மொழி அவருடையதைவிடச் சுமார் என்று அதில் வெளிப்படையாகவே இருந்தது. தரவு வேலையில் என் அனுபவம் அதைவிடக் கூடுதல் எடை கொண்டது, இந்த நாற்காலிக்கு அதுதான் முக்கியம் என்று வாதிட்டிருந்தார்கள். மனு தள்ளுபடியானது. பெரும்பாலான மனுக்கள் தள்ளுபடிதான் ஆகின்றன. ஆனால் பிறகு நானே ஒரு தேர்வுக் குழுவில் உட்கார்ந்தபோதுதான் இதன் பலம் புரிந்தது: முதல் நாளே எல்லோரும், இதை வாரியத்தில் எழுத்தில் நியாயப்படுத்த முடியுமா என்று பார்த்துப் பார்த்துத்தான் மதிப்பெண் போடுகிறார்கள். விளம்பரத்தில் இல்லாத தகுதியைக் கடைசியில் நுழைக்கப் பார்த்த ஒருவரை மனிதவளப் பிரிவு அங்கேயே நிறுத்தியது.

ஓட்டைகளும் உண்டு. குறுகிய கால நியமனங்களுக்கு இந்த நடைமுறை முழுதாகப் பொருந்தாது, அந்த வழியாக ஒருவரை உள்ளே கொண்டுவந்து அனுபவம் சேர்த்துவிட்டு, பிறகு விளம்பரம் செய்தால் அவர்தான் திறமையானவராக நிற்பார். முகமைத் தலைவர்களை அரசாங்கமே நியமிக்கிறது, வழக்கமாக முதலில் ஆறு வருடத்துக்கு, அதை வாரியத்தில் கேட்க முடியாது. அங்கே கட்சி வாசனை அடிக்கிறது என்ற புகார் இங்கேயும் பழையது. பெயர் வெளியே தெரியும் என்பதால் தனியார் வேலையில் இருக்கும் சிலர் விண்ணப்பிக்கவே தயங்குகிறார்கள்.

அதனால் இதை அப்படியே பெயர்த்து நம் ஊரில் நடச் சொல்ல மாட்டேன். முக்கியமான தடை இட ஒதுக்கீடு. எந்த இடம் எந்தப் பிரிவுக்கு என்று வரிசையாகச் சொல்லும் சுழற்சி முறைப் பட்டியல் ஓட வேண்டுமென்றால் பல இடங்கள் ஒரே கூட்டமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு நாற்காலியையும் தனிப் பதவியாகப் பிரித்துவிட்டால், ஒற்றைப் பதவிக்கு ஒதுக்கீடு இல்லை என்றாகிவிடும். 2024 ஆகஸ்ட் 17ல் மத்திய அரசின் இணைச் செயலர், இயக்குநர், துணைச் செயலர் நிலையில் 45 இடங்களுக்கு நேரடி நியமன விளம்பரம் வந்து, மூன்றே நாளில் திரும்பப் பெறப்பட்டதற்கு இதுதான் காரணம். ஒரே சாதியினர் நாற்காலிகளைப் பிடித்துவைத்திருந்த இடத்தில் பொதுத் தேர்வும் ஒதுக்கீடும் சேர்ந்துதான் கதவைத் திறந்தன, என் அப்பாவும் நானும் உள்ளே போனது அந்தக் கதவு வழியாகத்தான்.

முன்கதவு தேர்வாகவே இருக்கட்டும். ஸ்வீடனிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்றால், நாற்காலி மாற்றும்போது அந்த நான்கு பக்கத்தை எழுதச் சொல்லும் விதியையும், அதை எதிர்த்துக் கேட்க மூன்று வாரத்தையும் எடுப்பேன். குரூப்-2க்கும் குரூப்-4க்கும் சேர்த்து, மாறுதல் ஆணை ஒவ்வொன்றுக்கும்.