டயாலிசிஸ் செய்பவருக்கு ஏ1சியா, சென்சாரா?

பட்டர்வொர்த்தில் என் மாமாவுக்கு வாரம் 3 முறை டயாலிசிஸ். சர்க்கரை நோய்க்கான ஏ1சி ரத்தப் பரிசோதனையில் 6.2 சதவீதம் என்று வந்ததும் வீட்டில் ஒரே சந்தோஷம். கணக்குப்படி அது சராசரியாக 7.3 மில்லிமோல் ரத்தச் சர்க்கரை. ஆனால் விரலில் குத்திப் பார்த்தால் அடிக்கடி 11! அப்புறம் எதை நம்புவது?

ஏ1சி: சிவப்பணுவில் 2, 3 மாதமாக ஒட்டிய சர்க்கரையை அளக்கிறது. சிறுநீரகம் கெட்டவருக்கு அந்த அணுக்கள் சீக்கிரம் அழியும். ரத்தசோகைக்குப் போடும் எரித்ரோபொயட்டின் ஊசியோ புது அணுக்களைக் கொண்டுவரும். புதியவற்றில் சர்க்கரை ஒட்ட நேரமில்லை, அதனால் எண் பொய்யாக இறங்குகிறது. ரத்தம் ஏற்றினாலும் அப்படித்தான். இரும்புச்சத்துக் குறைவு மட்டும் எண்ணை ஏற்றிவிடும்.
சென்சார்: உடம்பில் ஒட்டியபடியே தோலடித் திரவத்தின் சர்க்கரையைப் பார்க்கிறது, சிவப்பணு எப்படி இருந்தாலும் கவலையில்லை. டயாலிசிஸ் நாளில் சர்க்கரை இறங்குவதும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் உடல்நீர் மாறுவதால் சற்றுப் பிசகலாம். சந்தேகம் வந்தால் விரலில் குத்திப் பாருங்கள்.

செலவு: ஏ1சி மலிவு. சென்சாரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், பர்ஸ் தாங்காது.

எரித்ரோபொயட்டின் ஊசி அளவும் ஹீமோகுளோபின் அளவும் மாறாமல் இருப்பவருக்கு, ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க ஏ1சி போதும். இன்சுலின் போடுபவருக்கு, மாமாவைப் போல இரண்டு எண்ணும் முட்டுபவருக்கு, இரண்டு வாரமாவது சென்சார்தான் சரி.